இரண்டு விடையும் சரிபோலத் தெரியும்போது: கிரகித்தல் பல்தேர்வு வினாக்களுக்கு ஒரு வழிகாட்டி

போன தவணைச் சோதனை முடிந்த கிழமை, ரியூசன் விட்டு எல்லாரும் போன பிறகும் ஒரு பிள்ளை மட்டும் வாங்கில் இருந்தாள். கிண்ணியா பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மடியில் வினாத்தாள். 40க்கு 31. பிழைத்த 9இல் 6 கிரகித்தல் வினாக்கள்.

"எல்லாத்திலயும் ரெண்டு விடை வரைக்கும் சரியா வந்திட்டன் ரீச்சர். பிறகு ரெண்டும் சரி மாதிரித்தான் கிடக்கு. நான் போட்டது பிழைச்சுப் போகுது."

வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். வெட்டிய இரண்டு தெரிவுகளுக்குப் பக்கத்திலும் பென்சிலால் வரி இலக்கம் குறித்திருந்தாள். அதாவது, பந்தியைப் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறாள். மிஞ்சிய இரண்டுக்குப் பக்கத்தில் எந்த இலக்கமும் இல்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

திருகோணமலையில் பல வருடமாகச் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்விக்குறியை நூற்றுக்கணக்கான தாள்களில் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு தெரிவுகளைப் பந்தியை வைத்து வெட்டுகிற பிள்ளை, கடைசி இரண்டுக்கு வந்ததும் பந்தியை விட்டுவிட்டுத் தன் மனதைக் கேட்கத் தொடங்குகிறது. "எது கூடப் பொருத்தம்போலக் கிடக்கு?" என்று. மனம் எப்போதும் கொஞ்சம் கனமான, கொஞ்சம் அழகான வாக்கியத்தின் பக்கம்தான் சாயும். வினா தயாரிக்கிறவர்களுக்கும் அது தெரியும்.

இங்கே சொல்லப்போவது அந்தக் கடைசி இரண்டு தெரிவுகளைப் பற்றி மட்டும்தான். முதல் இரண்டை வெட்டுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும்.

முதலில் ஒரு பந்தி

வெறும் விதியாகச் சொன்னால் நிற்காது. வகுப்புக்காக நானே எழுதிய ஒரு சின்னப் பந்தியை வைத்துக்கொள்வோம். இதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கீழே போங்கள்.

> கந்தையர் வள்ளத்தை விற்றுப் பதினொரு நாளாகிவிட்டது. ஆனாலும் விடிகாலை மூன்று மணிக்கு எழும்புவதை விடவில்லை. எழுந்து, விளக்கைக் கொளுத்தாமல், திண்ணையில் வந்து குந்திக்கொள்வார். உப்புவெளிப் பக்கமிருந்து இஞ்சின் சத்தம் கேட்டால் தலையைச் சற்றுத் திருப்புவார். "அது சின்னவனின் இஞ்சின். பிளக்கைத் துடைக்காமல் ஓடுகிறான்" என்பார், யாரும் கேட்காமலே. மகன் வந்து, "அப்பா, இனியாவது விடியும்வரை படுக்கலாமே" என்றால், "படுத்தால் இடுப்பு நோகுதடா" என்பார். விற்ற காசு அலுமாரிக்குள் இருந்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம்கூடக் கழற்றப்படவில்லை.

முதல் வினா:

"படுத்தால் இடுப்பு நோகுதடா" எனக் கந்தையர் கூறுவதன் மூலம் வெளிப்படுவது,

(1) முதுமையால் அவர் உடல் தளர்ந்துவிட்டமை
(2) தொழிலைப் பிரிந்த ஏக்கத்தை அவர் மகனிடம் மறைக்க முயல்கின்றமை
(3) வள்ளத்தை விற்கவைத்த மகன்மீது அவருக்குள்ள கோபம்
(4) தொழிலைப் பிரிந்த ஏக்கத்தால் அவர் வாழ்வில் பற்றிழந்துவிட்டமை

வகுப்பில் (3) உடனே விழுந்துவிடும். மகன்தான் விற்கவைத்தான் என்று பந்தியில் எங்கும் இல்லை. (1) கொஞ்சம் இழுக்கும், ஆனால் இடுப்பு நோகிற மனிதர் இருட்டில் திண்ணையில் வந்து குந்திக்கொண்டிருப்பாரா என்று ஒரு பிள்ளை கேட்டால் அதுவும் விழுந்துவிடும். பிறகு (2), (4). பாதி வகுப்பு ஒரு பக்கம், பாதி வகுப்பு மற்றப் பக்கம்.

படி 1: விடைகளை மூடிவிட்டு வினாவை மட்டும் வாசியுங்கள்

இரண்டு தெரிவு மிஞ்சியவுடனே அவற்றையே திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் பிள்ளைகள் செய்யும் முதல் பிழை. ஐந்தாம் தரம் வாசிக்கும்போது இரண்டும் இன்னும் சரியாகத்தான் தெரியும். அதனால் கையால் விடைகளை மூடுங்கள். வினா என்ன கேட்கிறது?

"எனக் கந்தையர் கூறுவதன் மூலம் வெளிப்படுவது." அதாவது, கந்தையர் எப்படிப்பட்டவர் என்று கேட்கவில்லை. அவருடைய நிலைமை என்ன என்றும் கேட்கவில்லை. இந்த ஒரு பேச்சு எதை வெளிக்காட்டுகிறது என்று கேட்கிறது. ஆகவே, விடை அந்தப் பேச்சைத் தொட வேண்டும். (2)இல் "மகனிடம் மறைக்க" என்று பேச்சு நடந்த இடம் இருக்கிறது. (4) அந்தப் பேச்சே இல்லாவிட்டாலும் எழுதக்கூடிய ஒரு வாக்கியம். இடுப்பு வரியை அழித்துவிட்டு மிச்சப் பந்தியை மட்டும் தந்தாலும் (4)ஐ எழுதலாம்.

வினாவில் வரும் சொல்லுக்கேற்ப விடையும் மாறும். "கூற்று உணர்த்துவது" என்றால் விடை அந்த வரிக்குள். "கதாசிரியரின் நோக்கம்" என்றால் பாத்திரம் நினைப்பது விடையாகாது. எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்பதே விடை. "பொருந்தாதது" என்று வந்தால் சொல்லவே வேண்டாம். "பொருந்தாதது எது" என்ற வினாவில் "ரெண்டு சரி" என்று வந்து நிற்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த "தா"வை மறந்துவிட்டவர்கள். அதைக் கண்டவுடன் கீழே கோடு போட்டுவிட்டால் அந்த வகைச் சிக்கல் முடிந்தது.

படி 2: இரண்டிலும் பொதுவானதை வெட்டுங்கள்

இப்போது கையை எடுங்கள். மிஞ்சிய இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாருங்கள். இரண்டிலும் "தொழிலைப் பிரிந்த ஏக்கம்" இருக்கிறது. அதனால்தான் இரண்டும் சரியாகத் தெரிகிறது. சரியான பகுதியை இரண்டுக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள்! அதைப் பென்சிலால் வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது இதுதான்:

(2) மகனிடம் மறைக்க முயல்கின்றமை
(4) வாழ்வில் பற்றிழந்துவிட்டமை

இனி இரண்டு வாக்கியங்களுக்கிடையில் சண்டை இல்லை. இரண்டு சொற்றொடர்களுக்கிடையில் மட்டும்தான். ஏக்கம் சரியா பிழையா என்று யோசிக்கத் தேவையில்லை, அது ஏற்கெனவே சரி.

சில வேளை பொதுப் பகுதி இப்படி வெளிப்படையாகக் கிடக்காது. ஒன்றில் "ஏக்கம்", மற்றதில் "மனத்தவிப்பு" என்று சொல்லை மாற்றிப் போட்டிருப்பார்கள். அப்போதும் "இது இரண்டும் இந்தப் பந்திக்கு ஒன்றுதானே" என்று தோன்றினால் வெட்டிவிடலாம். எல்லாம் வெட்டுப்பட்டு வித்தியாசமே மிஞ்சவில்லை, இரண்டும் அச்சாக ஒரே பொருள் என்றால், அது பெரிய துப்பு. விடை ஒன்றுதான் இருக்க முடியும், ஆகவே இரண்டும் விடையில்லை. அவசரப்பட்டு வெட்டிய மற்ற இரண்டில் ஒன்றுக்குத் திரும்பிப் போங்கள்.

படி 3: மிஞ்சிய சொல்லுக்குப் பந்தியில் விரல் வையுங்கள்

நான் இதை உண்மையாகவே விரலால் செய்யச் சொல்வேன். "மறைக்க" என்பதற்கு எங்கே விரல் வைப்பாய்? "பற்றிழந்து" என்பதற்கு எங்கே?

"பற்றிழந்து" என்பதற்கு ஒரு பிள்ளை "விளக்கைக் கொளுத்தாமல்" என்ற இடத்தில் விரல் வைத்தது. நல்ல முயற்சிதான். இருட்டில் இருப்பது சோர்வுபோலத் தெரியும். ஆனால் அடுத்த வரியையும் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் தலையைத் திருப்புகிறார். யாருடைய இஞ்சின் என்று பிடிக்கிறார். பிளக் அழுக்கு என்று சத்தத்தை வைத்தே சொல்கிறார். வாழ்க்கையில் பற்று விட்டுப்போன மனிதனுக்கு அடுத்தவனின் பிளக் எப்படிப் போனால் என்ன? ஆக, "பற்றிழந்து" என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை என்பதோடு, எதிரான ஆதாரமும் இருக்கிறது.

"மறைக்க" என்பதற்கு விரல் எங்கே போகும்? மகன் கேட்கிறான், அவர் இடுப்பைக் காரணம் சொல்கிறார். பந்தி முழுவதும் நாம் கண்ட காரணம் வேறு. உண்மைக் காரணம் ஒன்று, சொன்ன காரணம் இன்னொன்று. அதற்குப் பெயர்தான் மறைத்தல். "மறைத்தார்" என்ற சொல் பந்தியில் இல்லையே என்று சிலர் நினைப்பார்கள். கிரகித்தல் வினாவின் விடை பந்தியின் சொல்லிலேயே இருக்க வேண்டியதில்லை. உண்மையில், பந்தியின் சொற்களை அப்படியே அள்ளி வைத்திருக்கும் தெரிவை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பழகிய முகத்தைக் காட்டி ஆளைப் பிடிக்கிற வேலை அது.

இந்தப் படியில் அதிகம் சறுக்குவது நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்தான். எங்கள் வகுப்பில் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். இதே பந்திக்கு, "கந்தையர் வள்ளத்தை விற்றதற்குக் காரணம்" என்று நான் ஒரு வினா போட்டு, கடைசித் தெரிவாக "பந்தியில் குறிப்பிடப்படவில்லை" என்று வைத்தேன். கடல் தெரியாத பிள்ளைகள் அதையே தெரிவு செய்தார்கள். ஒரு தம்பி மட்டும் "தொழிலில் ஏற்பட்ட நட்டம்" என்பதற்குப் புள்ளடி போட்டிருந்தான். ஏன் என்று கேட்டால், "மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு இஞ்சின் ஓட்டேலாது ரீச்சர், வாடைக்காலத்தில கடலும் விடாது, வேற என்னத்துக்கு விப்பாங்கள்?" என்றான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆனால் அது அவன் வீட்டுத் திண்ணையில் இருக்கிற ஆதாரம், கந்தையர் வீட்டுத் திண்ணையில் இல்லை. உங்களுக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பந்தி வந்தால் இன்னும் கவனமாக விரல் வையுங்கள். உலகத்தில் உண்மையாக இருப்பதும் பந்தியில் இருப்பதும் வேறு.

படி 4: எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று எண்ணுங்கள்

இரண்டாவது வினா இன்னும் சிக்கலானது.

"ரப்பர் வளையம்கூடக் கழற்றப்படவில்லை" என்ற வரி உணர்த்துவது,

(1) கந்தையர் சிக்கனமானவர்
(2) அவருக்குப் பணத்தேவை எதுவும் இல்லை
(3) வள்ளத்தை விற்றதை அவர் மனம் இன்னும் ஏற்கவில்லை
(4) வள்ளத்தைத் திரும்ப வாங்க அவர் எண்ணியிருக்கிறார்

(3), (4) இரண்டிலும் பொதுவாக வெட்ட எதுவும் இல்லை. இரண்டுக்கும் விரல் ஒரே இடத்துக்குத்தான் போகும். வகுப்பில் நல்ல பிள்ளைகள் (4)க்குப் போவார்கள், ஏனென்றால் அது புத்திசாலித்தனமான விடைபோலத் தெரியும். "காசை அப்படியே வைத்திருக்கிறாரே, திருப்பிக் கொடுத்து வாங்கத்தானே?"

இங்கே எட்டை எண்ண வேண்டும். காசை எண்ணவில்லை, செலவழிக்கவில்லை, தொடவே இல்லை. இதிலிருந்து "விற்றதை மனம் ஏற்கவில்லை" என்பதற்கு ஒரு எட்டு. அங்கிருந்து "திரும்ப வாங்க நினைக்கிறார்" என்பதற்கு இன்னொரு எட்டு. அந்த இரண்டாவது எட்டை வைத்தது நீங்கள்தான். மனம் ஏற்காமலே ஒருவர் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம், அநேகமானோர் அப்படித்தான்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒன்று உண்மை என்றால் மற்றது உண்மையாகியே தீருமா என்று இரண்டு பக்கமும் கேளுங்கள். (4) உண்மை என்றால், அதாவது திரும்ப வாங்க நினைக்கிறார் என்றால், விற்றதை மனம் ஏற்கவில்லை என்பதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் (3) உண்மை என்றால் (4) உண்மையாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே (4) சரியாகும் ஒவ்வொரு தடவையும் (3)உம் சரி. (3) சரியாகும் சில தடவை (4) பிழை. விடை ஒன்றுதான் என்றால் அது (3).

கடுமையான சொற்கள் பிழைப்பதும் இதே காரணத்தால்தான். "எப்போதும்", "முற்றாக", "வெறுத்தார்", "ஒருபோதும்" என்று வந்தால் பிள்ளைகளுக்கு "இப்படிச் சொல் வந்தால் பிழை" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது விதியில்லை. பந்தியே "ஒருபோதும்" என்று சொன்னால் விடையிலும் வரலாம். கடுமையான சொல் கூடுதல் எட்டுகளைக் கேட்கும், அவ்வளவுதான். அந்த எட்டுகளுக்குப் பந்தியில் படி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் மையக்கருத்து வினாவில் இது கவிழும்

எட்டு எண்ணும் முறையை எல்லா இடத்துக்கும் கொண்டுபோனால் இன்னொரு குழிக்குள் விழுவீர்கள். மூன்றாவது வினா:

இப்பந்தியின் மையக்கருத்து,

(1) முதுமை தனிமையைத் தரும்
(2) பிரிவு மனிதருக்குத் துன்பம் தரும்
(3) தொழிலை விட்டாலும் தொழில் மனிதனை விடாது
(4) பிள்ளைகள் பெற்றோரைப் புரிந்துகொள்வதில்லை

(2), (3) மிஞ்சும். மேலே சொன்ன சோதனையைப் போட்டால், எது அதிகம் சொல்லாத விடை? (2). பிரிவு துன்பம் தரும் என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் விடை (3). "உணர்த்துவது" என்ற வினா, பந்தி எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்கிறது. "மையக்கருத்து" என்ற வினா, இந்தப் பந்திக்கென்று அளந்து தைத்த சட்டை எது என்று கேட்கிறது. (2) ஆயிரம் பந்திகளுக்குப் போடக்கூடிய சட்டை.

இதற்கு நான் சொல்லும் சோதனை: பந்தியை வாசிக்காத ஒரு கூட்டாளியிடம் தெரிவை மட்டும் சொன்னால், பந்தி எதைப் பற்றியதாக இருக்கும் என்று அவன் எவ்வளவு கிட்ட ஊகிப்பான்? (2)ஐக் கேட்டால் காதலா, மரணமா, வெளிநாடு போன மகனா என்று எங்கெல்லாமோ போவான். (3)ஐக் கேட்டால் வேலையை விட்ட ஒருவர், பழக்கம் மாறாமல் என்று வந்துவிடுவான். பிறகு மறுபக்கமும் பாருங்கள்: மூன்று மணிக்கு எழும்புவது, இஞ்சின் சத்தம், இடுப்புக் கதை, காசு என்ற நான்கில் எதையாவது அந்தத் தெரிவு வெளியே விட்டுவிடுகிறதா? (4) மகனின் ஒரு வரியை மட்டும் பிடிக்கிறது, மற்ற மூன்றும் வெளியே கிடக்கின்றன. (3) நான்கையும் உள்ளே எடுக்கிறது.

இடைச்சொற்களைப் பாருங்கள்

தமிழில் எழுதப்பட்ட பந்தி நமக்குத் தருகிற ஒரு வசதியை பிள்ளைகள் பயன்படுத்துவதே இல்லை. உம், ஏ, கூட, ஆவது, தான் என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் இவற்றை இலக்கணப் பாடத்தில் இடைச்சொல் என்று மனப்பாடம் செய்வார்கள். கிரகித்தலுக்கு வந்தால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு தெரிவுக்கிடையில் நிற்கும்போது வழி காட்டுவது பல தடவை இந்த வால்தான்.

மேலே உள்ள பந்தியைத் திரும்பப் பாருங்கள். மகன் "இனி படுக்கலாமே" என்று சொல்லவில்லை, "இனியாவது" என்கிறான். அந்த "ஆவது"க்குள் இத்தனை வருடமும் அப்பா விடியும்வரை படுத்ததில்லை என்பது இருக்கிறது. ஓய்வு கிடைத்துவிட்டது என்று மகன் நினைப்பதும் இருக்கிறது. அவன் கோபப்படவில்லை, இரங்குகிறான். "மகனின் கூற்றில் வெளிப்படுவது பரிவா, கண்டிப்பா" என்று வினா வந்தால் "ஆவது"வும் "படுக்கலாமே"யில் உள்ள ஏகாரமும் பரிவின் பக்கம் சாட்சி சொல்லும். "யாரும் கேட்காமலே" என்பதில் உள்ள ஏகாரம், கந்தையர் பேசுவது தனக்குத்தானே என்று காட்டுகிறது. "வளையம்கூட" என்பதில் உள்ள "கூட", காசை எடுப்பது கிடக்கட்டும், அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஆகச் சின்ன வேலையும் நடக்கவில்லை என்கிறது. "கூட" இல்லாவிட்டால் (2) "பணத்தேவை இல்லை" என்பதும் கொஞ்சம் நின்று பிடித்திருக்கும்.

கவிதையில் இது இன்னும் கூர்மையாகும். இதுவும் வகுப்புக்கு எழுதியதுதான், கவிதை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை:

> துறைமுக விளக்குகள்
> இரவெல்லாம் எரிகின்றன
> வராத கப்பலுக்கும்
> ஒரு வெளிச்சம் வைத்து.

இதில் மேலோங்கும் உணர்வு எதிர்பார்ப்பா, ஏமாற்றமா? வகுப்பு இரண்டாகப் பிளந்தது. ஏமாற்றம் என்றவர்கள் எல்லாரும் "வராத" என்ற சொல்லில் விரல் வைத்தார்கள். நியாயம்தான். ஆனால் "வராத" என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அது காலம் காட்டாது. "வராமல் போன கப்பல்" என்றும் எடுக்கலாம், "இன்னும் வராத கப்பல்" என்றும் எடுக்கலாம். ஆகவே அந்தச் சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது இரண்டு தெரிவுக்கும் சாட்சி.

ஒரு சொல் இரண்டு பக்கமும் பேசினால் அதை விட்டுவிட்டுப் பக்கத்துச் சொற்களிடம் போக வேண்டும். "எரிகின்றன" என்று நிகழ்காலத்தில் இருக்கிறது. விளக்கு அணையவில்லை. "கப்பலுக்கும்" என்ற உம், வந்த கப்பலுக்கு வெளிச்சம் உண்டு, வராததற்கும் உண்டு என்கிறது. அதை ஒதுக்காமல் சேர்த்துக்கொள்கிறது. "வைத்து" என்பது யாருக்கோ பங்கு எடுத்து வைப்பதுபோல. மூன்றும் எதிர்பார்ப்பின் பக்கம். ஏமாற்றத்துக்கு "வராத" என்பதன் ஒரு பாதி மட்டும்தான் மிஞ்சும். கடைசி வரி "வெளிச்சம் வீணாகி" என்று இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்.

உண்மையிலேயே இரண்டும் சரியாக இருந்தால்

அப்படியும் நடக்கும். ஒரு தடவை நானே உணர்வு வினா ஒன்றில் "கவலை", "துயரம்" என்று இரண்டையும் வைத்துவிட்டேன். துயரம் ஆழமானது, அதுதான் விடை என்று என் மனதில் இருந்தது. மண்டபத்தில் பெரிய வாக்குவாதம். வாசலில் வந்து நின்ற மான்கூடத் திரும்பி ஓடிவிட்டது. கடைசியில் விரல் வைத்துக் காட்டச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. இரண்டுக்கும் புள்ளி கொடுத்தேன்.

வினா பழுது என்று எப்படித் தெரியும்? மிஞ்சிய சொற்களைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், இரண்டுக்கும் ஒரே அளவு ஆதாரம் இருக்கிறது, அல்லது இரண்டுக்கும் இல்லை, எட்டும் சமம். அப்போது அது உங்கள் குற்றமில்லை. வகுப்பில் என்றால் கையை உயர்த்துங்கள். பரீட்சையில் என்றால், வினாத்தாளின் முதல் பக்கத்தில் உள்ள அறிவுறுத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். "சரியான அல்லது மிகப் பொருத்தமான" விடையைத் தெரிவு செய்யத்தான் கேட்கிறார்கள். "மிகப் பொருத்தமான" என்றாலே மற்றதும் கொஞ்சம் பொருந்தும் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 40 வினாவுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இரண்டுக்கு நடுவில் நின்று மூன்று நிமிடம் போய்விட்டால் பின்னால் இருக்கும் ஒரு சுலபமான வினாவை விற்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒன்றுக்குப் புள்ளடி போட்டு, வினாத்தாளில் இலக்கத்தைச் சுற்றிவிட்டுப் போங்கள். சாதாரண தரத்தில் பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, அதனால் வெறுமையாக விடவே கூடாது. இரண்டுக்கும் புள்ளடி போட்டு வைக்கும் கெட்டித்தனமும் வேண்டாம், இரண்டும் போய்விடும்.

திரும்பி வரும்போது விடையை மாற்றலாமா? "முதல் மனதில் பட்டதை மாற்றாதே" என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அது அவ்வளவு சரியில்லை. அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழக மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணி 2005இல் ஓர் ஆய்வு வந்தது. மாற்றங்களில் ஏறக்குறையப் பாதி பிழையிலிருந்து சரிக்குப் போனவை. சரியிலிருந்து பிழைக்குப் போனவை கால்வாசி அளவுதான். சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்தது மனதில் நின்று உறுத்துவதால், அதுவே அடிக்கடி நடப்பதுபோல நமக்குத் தெரிகிறது. நான் சொல்லும் விதி இவ்வளவுதான்: முதல் தடவை காணாத ஒரு சொல்லில் இப்போது விரல் வைக்க முடிந்தால் மாற்றுங்கள். வெறும் பயத்தில் மாற்ற வேண்டாம்.

பழகும் விதம்

பாஸ் பேப்பர் செய்துவிட்டு விடைப் பட்டியலைப் பார்த்துச் சரி, பிழை போட்டு முடிப்பதால் இந்தச் சிக்கலுக்குப் பெரிய பலன் இல்லை. விடை (3) என்று தெரிந்துவிட்டது, ஆனால் (4)இல் எந்தச் சொல் உங்களை இழுத்தது என்று தெரியாது. அதனால் ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். இரண்டுக்கிடையில் நின்ற வினாக்களை மட்டும், சரியாக வந்தாலும் பிழைத்தாலும், எழுதுங்கள். வினா இலக்கம், ஏமாற்றிய தெரிவிலுள்ள ஒரு சொல், அது ஏன் பந்திக்குள் அடங்கவில்லை என்று அரை வரி. அவ்வளவு போதும். இருபது, முப்பது சேர்ந்ததும் மேலிருந்து கீழே வாசியுங்கள். ஒவ்வொருவருக்கும் வழமையாகச் சறுக்கும் இடம் ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும்.

கிண்ணியாப் பிள்ளை அன்று அந்த 6 வினாக்களையும் பஸ் வருவதற்குள் எழுதினாள். "வெறுப்பு. பந்தியில் சலிப்பு மட்டும்தான்." "எல்லாரும். அயலவர் ஒருவர்தான் வருகிறார்." "பழிவாங்க. அவன் போய்விட்டான், ஒன்றும் செய்யவில்லை." நாலாவதை எழுதும்போதே சிரித்துவிட்டாள். ஐந்து வினாவில் ஒரே கதை, பந்தி மெல்லச் சொன்னதை உரக்கச் சொன்ன தெரிவுக்கே அவள் புள்ளடி போட்டிருந்தாள். ஆறாவதில் மட்டும் எவ்வளவு பார்த்தும் வித்தியாசம் பிடிபடவில்லை. எனக்கும்தான். அதற்குப் பக்கத்தில் "வினா பழுது?" என்று எழுதிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.